இரண்டாம் கல்லாவில் 180 ரூபாய் குறைவு

இரவு கடை சாத்தும் நேரத்தில் கல்லாவை எண்ணிப் பார்த்துவிட்டு "பணம் குறையுது" என்று முதலாளிக்குப் போன் போட்டால், அநேகமாக வரும் முதல் கேள்வி "கல்லால யாரு இருந்தா?" என்பதுதான். எவ்வளவு குறைகிறது, எந்தக் கணக்கோடு ஒப்பிட்டார்கள், எத்தனை தடவை எண்ணினார்கள் என்பதெல்லாம் பிறகுதான் வரும். போன் போட்டவரும் கேட்ட கேள்விக்குப் பதிலாக ஒரு பெயரைச் சொல்லிவிடுவார். பெயரைச் சொல்லத் தயங்கினால், "அந்தப் புள்ள இன்னைக்கு சீக்கிரமே கிளம்பிட்டா" என்று ஏதாவது சொல்லிவைப்பார். மறுநாள் காலை அந்தப் பெண் வேலைக்கு வரும்போது கடையில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கும், அவளைத் தவிர.

குறைவை மறைக்கக் கூடாது. அன்றைக்கே சொல்லியாக வேண்டும். சொல்லும்போது யாரையும் சாடையாகக்கூடக் காட்டிவிடவும் கூடாது. இதற்கு நல்ல எண்ணம் இருந்தால் மட்டும் போதாது. எண்ணுவதில் ஒரு ஒழுங்கு வேண்டும், எழுதுவதில் ஒரு ஒழுங்கு வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் இரண்டு கல்லா வைத்திருக்கும் நடுத்தர மளிகைக் கடை ஒன்றை உதாரணத்துக்கு வைத்துக்கொண்டு இதைப் படிப்படியாகப் பார்க்கலாம். கடையும் ஆட்களும் கற்பனைதான். கணக்கு, எந்தக் கடையிலும் தினமும் நடக்கிற கணக்கு.

இருக்க வேண்டியதும் இருப்பதும்

'பணம் குறைகிறது' என்று நாம் சொல்வது இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசத்தை. ஒன்று, கல்லாவில் இருக்க வேண்டிய தொகை. மற்றது, எண்ணும்போது இருக்கும் தொகை. இருக்கும் தொகையை எல்லோரும் சந்தேகப்படுவார்கள். இருக்க வேண்டிய தொகையும் மனிதர்கள் கம்ப்யூட்டரில் தட்டியதுதான் என்பதை யாரும் அவ்வளவாக யோசிப்பதில்லை.

நம் கடையின் இரண்டாம் கல்லாவுக்குக் காலையில் சில்லறைக்காக வைத்த பணம் 3,000 ரூபாய். பில் போடும் சாஃப்ட்வேர் சொல்லும் ரொக்க விற்பனை 48,620. லோடு இறக்கியவருக்கு வவுச்சர் போட்டுக் கொடுத்தது 350. திரும்பி வந்த சரக்குக்குத் திருப்பிக் கொடுத்தது 480. மதியமும் மாலையும் கல்லாவில் இருந்து எடுத்து உள்ளே பெட்டகத்தில் வைத்தது இரண்டு தடவை 15,000, ஆக 30,000. முதல் இரண்டையும் கூட்டி, மற்றதைக் கழித்தால் கல்லாவில் இருக்க வேண்டியது 20,790.

எண்ணிப் பார்த்தால் 17,770 இருக்கிறது. 3,020 ரூபாய் இடிக்கிறது.

இந்த இடத்தில் போனை எடுத்தால் "மூவாயிரம் குறையுது" என்ற செய்திதான் முதலாளிக்குப் போகும். அரை மணி நேரம் பொறுத்து, தேட வேண்டிய இடங்களில் தேடிவிட்டு எடுத்தால் வேறு செய்தி போகும். முதலில் போன எண்தான் மனதில் நிற்கும். பிறகு எத்தனை திருத்தம் சொன்னாலும், "மூவாயிரம் போன நாள்" என்றே அந்த நாளுக்குப் பெயர் ஆகிவிடும்.

எண்ணுவது

தேடுவதற்கு முன்னால் எண்ணிக்கை சரியா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஒருவர் எண்ணி முடித்ததும், இன்னொருவர் முதல் எண்ணிக்கையின் விடை தெரியாமல் எண்ண வேண்டும். கம்ப்யூட்டர் எவ்வளவு சொல்கிறது என்பதும் எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. எவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்தால் கை தன்னை அறியாமல் அந்த எண்ணை நோக்கியே எண்ணும். அந்த எண் வந்ததும் நின்றுவிடும். வராவிட்டால் வரும்வரை திரும்பத் திரும்ப எண்ணும்.

எண்ணியதை மொத்தமாக எழுதாமல் நோட்டு வாரியாக எழுத வேண்டும். நம் கடையில் 500 ரூபாய் நோட்டு 23, 200 ரூபாய் 11, 100 ரூபாய் 30, 50 ரூபாய் 9, 20 ரூபாய் 15, 10 ரூபாய் 21, நாணயங்களாக 110 ரூபாய். இப்படி இருந்தால்தான் அடுத்தவர் எண்ணும்போது எந்தக் கட்டில் வித்தியாசம் என்று உடனே தெரியும். முதல் எண்ணிக்கையில் 100 ரூபாய் நோட்டு 29 என்று வந்தது. இரண்டு புது நோட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டாவது ஆள் எண்ணியபோது 30 வந்தது. மூன்றாவது தடவை இருவரும் சேர்ந்து எண்ணியபோதும் 30.

எண்ணும்வரை இன்னொரு கல்லாவின் பணத்தை இதோடு கலக்கக் கூடாது. "அதுல இருந்து ஒரு ஐந்நூறுக்குச் சில்லறை எடுத்துக்கறேன்" என்று யாராவது கை வைத்தால், அதற்குப் பிறகு எந்த எண்ணுக்கும் அர்த்தம் இல்லை. பெட்டகத்துக்குப் போன 30,000 ரூபாயையும் அங்கே போய் எண்ணிப் பார்க்க வேண்டும். எடுத்தபோது சீட்டில் எழுதிய தொகையும் உள்ளே இருக்கும் தொகையும் ஒன்றா என்று பார்க்காமல் கல்லாவை மட்டும் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

தேடுவது

இன்றைக்குக் கடைகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் யுபிஐ கணக்கு. வாடிக்கையாளர் ஸ்கேன் செய்து பணம் போடுகிறார். பில் போடுபவர் அவசரத்தில் ரொக்கம் என்றே விட்டுவிடுகிறார். கம்ப்யூட்டர் அந்தத் தொகையைக் கல்லாவில் எதிர்பார்க்கும். பணமோ வங்கிக் கணக்கில் இருக்கும். கல்லாவில் குறையும், யுபிஐயில் அதே அளவு கூடும்.

நம் கடையில் இரண்டாம் கல்லாவின் யுபிஐ விற்பனை 22,315 என்று பில் கணக்கு சொல்கிறது. அந்தக் கல்லாவின் க்யூஆர் கோடுக்கு வந்ததாகச் செயலி காட்டுவது 25,155. கூடுதல் 2,840. அன்றைய ரொக்க பில்களில் 2,840 ரூபாய்க்கு ஒன்று இருக்கிறதா என்று தேடினால், பில் எண் 417 கிடைக்கிறது. அதே நேரத்தில் அதே தொகை யுபிஐயில் வந்ததும் தெரிகிறது. பில்லை யுபிஐ என்று திருத்தியதும் இருக்க வேண்டிய தொகை 17,950 ஆகிவிடுகிறது. 3,020 ரூபாய் குறைவு 180 ஆகச் சுருங்கிவிட்டது.

அடுத்தது வவுச்சர். டீக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்துவிட்டுச் சீட்டு எழுத மறந்திருக்கிறதா, எழுதிய சீட்டு கல்லாவின் அடியில் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ரிட்டர்ன் பில்கள், பாதியில் நிறுத்திவைத்த பில்கள், ரத்தான பில்கள். நம் கடையில் இவற்றில் எதுவும் இல்லை.

மீதம் இருக்கும் 180 என்ற எண்ணைக் கவனியுங்கள். அது 9-ஆல் வகுபடுகிறது. கணக்கு எழுதுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாளும் ஒரு சோதனை இது. 540 என்பதை 450 என்று இலக்கம் மாற்றி எழுதினாலும் சரி, 200 வர வேண்டிய இடத்தில் 20 வந்து ஒரு பூஜ்யம் விடுபட்டாலும் சரி, வித்தியாசம் 9-இன் மடங்காகத்தான் வரும். 200 ரூபாய் நோட்டு மஞ்சள், புதிய 20 ரூபாய் நோட்டு பச்சை கலந்த மஞ்சள். ட்யூப்லைட் வெளிச்சத்தில், கூட்ட நேரத்தில், மீதிச் சில்லறையில் 20-க்குப் பதில் 200 போய்விட்டால் சரியாக 180 ரூபாய் குறையும்.

ஆனால் இது தேடுகிறவருக்கு ஒரு திசையைக் காட்டுவதோடு சரி. ஒன்பது எண்களில் ஒன்று தற்செயலாகவே 9-ஆல் வகுபடும். முதலில் வந்த 3,020 வகுபடவில்லை என்பதையும் பாருங்கள். யுபிஐ குழப்பத்தைப் பிரித்தெடுத்த பிறகுதான் 180 வெளியே தெரிந்தது. ஆகவே இந்தச் சோதனையை வைத்து அன்றைய 20, 200 ரூபாய் நோட்டுகளை இன்னொரு தடவை பார்க்கலாம், கட்டு மாறியிருக்கிறதா என்று தேடலாம். ரிப்போர்ட்டில் "200 ரூபாயை 20 என்று நினைத்துக் கொடுத்திருக்கலாம்" என்று எழுதக் கூடாது. கேட்க இதமாகத்தான் இருக்கிறது, திருட்டு இல்லை என்று சொல்வதுபோலவும் இருக்கிறது. ஆனால் சில்லறை கொடுத்தவர் கவனக்குறைவாக இருந்தார் என்பதுதான் அதன் உள்ளடக்கம். நல்லெண்ணத்தோடு சொல்லும் ஊகமும் ஒருவர் மேல்தான் போய் உட்காரும்.

எழுதுவது

அரை மணி நேரத் தேடல் முடிந்தது. இனி ரிப்போர்ட். அன்றைக்குக் கடையின் சூப்பர்வைசர் செல்வி. அவர் எழுதியது இவ்வளவுதான்:

"இரண்டாம் கல்லா, இரவு 9.30 மணிக் கணக்கு. இருக்க வேண்டிய தொகை 17,950. எண்ணியபோது இருந்தது 17,770. குறைவு 180. நோட்டு வாரிப் பட்டியல் இத்துடன் உள்ளது. மூன்று முறை எண்ணப்பட்டது. முதல் முறை 17,670, அடுத்த இரண்டு முறையும் 17,770.

பில் எண் 417, தொகை 2,840, ரொக்கம் என்று பதிவாகியிருந்தது. யுபிஐ என்று திருத்தப்பட்டது. மேலே உள்ள தொகை இந்தத் திருத்தத்துக்குப் பிறகு வருவது.

பார்த்தவை: யுபிஐ வரவு, வவுச்சர்கள், ரிட்டர்ன் பில்கள், ரத்தான பில்கள், பெட்டகத்தில் வைத்த 30,000. இவற்றில் வேறு வித்தியாசம் இல்லை. 180 ரூபாய்க்குக் காரணம் தெரியவில்லை.

இன்று இந்தக் கல்லாவில் பணம் கையாண்டவர்கள், நேர வரிசைப்படி: கோமதி காலை 9 முதல் 3 வரை. செல்வி 12.10-க்கும் 5.30-க்கும் பெட்டகத்துக்காகப் பணம் எடுத்தது. சண்முகம் 1.30 முதல் 2.15 வரை, கோமதியின் சாப்பாட்டு நேரத்தில். பிரியா 3 முதல் 9.30 வரை. ஆள் மாறிய நேரங்களில் கல்லா எண்ணப்படவில்லை.

இன்றைய முழு நாள் கேமரா பதிவை அழியாமல் எடுத்து வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் என்னென்ன இல்லை என்று பார்ப்போம். "காணாமல் போனது", "எடுக்கப்பட்டது" என்ற சொற்கள் இல்லை. அப்படி எழுதினால் எடுத்தவர் ஒருவர் இருக்கிறார் என்று முடிவு செய்தாகிவிட்டது. "குறைவு" என்றால் இரண்டு எண்களின் வித்தியாசம், அவ்வளவுதான். "பிரியா மட்டும்தான் கடைசி ஆறரை மணி நேரம் இருந்தார்" என்று எழுதவில்லை. அந்த 'மட்டும்தான்' ஒன்றே போதும், ரிப்போர்ட் குற்றப்பத்திரிகை ஆகிவிடும். முதல் எண்ணிக்கையில் நூறு ரூபாயை விட்டவர் யார் என்பதும் இல்லை. அதற்கும் குறைவுக்கும் சம்பந்தம் இல்லை.

பில் 417 போட்ட நேரமும் யாருடைய லாகினில் போட்டது என்பதும்கூட இல்லை. இது வேண்டுமென்றே விட்டது. பில் எண் இருந்தால், தெரிய வேண்டியவர் ஒரு நிமிடத்தில் அதைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம். ரிப்போர்ட்டில் அது வந்தால் நடப்பது வேறு. "பிரியா 2,840 ரூபாய் பில்லைத் தவறாகப் போட்டிருந்தார். மேலும் 180 ரூபாய் குறைகிறது" என்று ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். தீர்ந்துபோன 2,840-க்கும் தீராத 180-க்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் நடுவில் வந்த 'மேலும்' இரண்டையும் ஒரே ஆளோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. இதற்காகத்தான் செல்வி திருத்தத்தைத் தனிப் பத்தியாகப் போட்டு, குறைவு அதற்குப் பிறகு வரும் எண் என்று சொல்லிவிட்டார். லாகின் பெயரை நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பல கடைகளில் ஒருவர் லாகினிலேயே இன்னொருவர் உட்கார்ந்து பில் போடுகிறார். திரையில் வரும் பெயர் எப்போதும் இருக்கையில் இருந்த ஆளின் பெயர் ஆகாது.

பெயர்களைப் போட வேண்டிய முறை

யாரையும் சாடை காட்டக் கூடாது என்றால் பெயரே போடக் கூடாதா? போட வேண்டும். பெயர் இல்லாத ரிப்போர்ட்டை வைத்து மறுநாள் விசாரிக்க முடியாது. பெயர் இல்லாவிட்டால் அந்த இடத்தை வதந்தி வந்து நிரப்பும். செய்ய வேண்டியது, கல்லாவைத் தொட்ட எல்லோரையும் ஒரே அளவில் எழுதுவது. ஒருவரின் நேரத்தை எழுதினால் எல்லோரின் நேரத்தையும் எழுத வேண்டும். ஒருவர் நடுவில் வெளியே போனதை எழுதினால் மற்றவர்கள் போனதையும் எழுத வேண்டும். வரிசை நேரப்படி இருக்க வேண்டும்; சந்தேகப்படி இருக்கக் கூடாது.

இதில் அதிகம் விடுபடும் பெயர் ரிப்போர்ட் எழுதுகிறவரின் பெயர். செல்வி இரண்டு தடவை கல்லாவைத் திறந்து பணம் எடுத்திருக்கிறார். தன்னை விட்டுவிட்டு மற்ற மூன்று பேரை மட்டும் எழுதியிருந்தால், ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தும் ரிப்போர்ட் பொய்யாகிவிடும். முதலாளியோ அவர் மகனோ வந்து கல்லாவில் பணம் எடுத்திருந்தால் அதுவும் வர வேண்டும். சங்கடமான வரிதான். அதை விட்டால் பாரம் முழுவதும் சம்பளக்காரர்கள் மேல் போய்விடும்.

எழுதுகிறவர் பயந்துபோய்த் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்வதும் உண்டு. "நான்தான் எங்கேயாவது தப்பாக் கொடுத்திருப்பேன்" என்று எழுதுவதும், கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டுவதும் நடக்கிறது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எழுதுவதில், மற்றவரைக் காட்டுவதற்கும் தன்னைக் காட்டிக்கொள்வதற்கும் வித்தியாசம் இல்லை.

"ஆள் மாறிய நேரங்களில் கல்லா எண்ணப்படவில்லை" என்ற ஒரு வரி இந்த ரிப்போர்ட்டிலேயே முக்கியமானது. காலையில் ஒரு தடவை எண்ணிவிட்டு, நடுவில் நாலு பேர் கை பட்ட பிறகு, இரவில் ஒரு தடவை எண்ணினால், குறைவு பன்னிரண்டரை மணி நேரத்தில் எந்த நிமிடத்தில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. யார் என்று சொல்லாமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். இருக்கும் தகவலை வைத்துச் சொல்லவே முடியாது என்பதுதான் உண்மை நிலை. ஒரே ஆள் காலை முதல் இரவு வரை தனிக் கல்லா, தனிச் சாவியோடு இருந்திருந்தால் பட்டியலில் ஒரே பெயர் வரும். அப்போதும் "கல்லாப் பொறுப்பில் இருந்தவர்" என்பதோடு நிறுத்தலாம். பொறுப்பில் இருந்தது உண்மை. காரணம் என்ன என்பது இன்னும் தெரியாது.

போனில் சொல்வது

எழுத்தில் காத்த ஒழுங்கு பேச்சில்தான் உடைகிறது. செல்வி அண்ணாச்சிக்குப் போன் போட்டார்.

"அண்ணாச்சி, ரெண்டாம் நம்பர் கல்லால நூத்தி எம்பது ரூவா குறையுது. மூணு தடவ எண்ணியாச்சு."

"யாரு இருந்தா?"

"காலைல இருந்து நாலு பேரு கைபட்டிருக்கு அண்ணாச்சி, நானும் ஒரு ஆளு. பேரு, நேரம் எல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

"உனக்கு யாரு மேல சந்தேகம்?"

"நடுவுல எண்ணலியே அண்ணாச்சி. எப்பக் குறைஞ்சதுன்னே தெரியாம யாருன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? காலைல வந்து பேப்பரப் பாருங்க."

"எனக்கு யார் மேலயும் சந்தேகம் இல்ல, ஆனா…" என்று செல்வி ஆரம்பிக்கவில்லை. 'ஆனா'வுக்குப் பிறகு வருவது ஒரு பெயராகத்தான் இருக்கும். ஒரு நொடி தயங்கி "அதெல்லாம் நேர்ல பேசிக்கலாம் அண்ணாச்சி" என்று சொல்வதும் அதே வேலையைத்தான் செய்யும். கேட்கிறவர் இரவெல்லாம் யார் யார் என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

கடை வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் போடவே கூடாது. "இன்னைக்கு ரெண்டாம் கல்லால இருந்தவங்க நாளைக்கு ஓனரைப் பாக்கவும்" என்ற செய்தியில் பெயர் இல்லை. ஆனால் குரூப்பில் இருக்கும் எல்லோருக்கும் அது யார் என்று தெரியும். கிளம்பும்போது ஒருவர் பையை மட்டும் திறந்து பார்ப்பதும் அதே ரகம். பை பார்ப்பது கடையின் வழக்கம் என்றால் எல்லோர் பையையும் பார்க்கட்டும், தினமும் பார்க்கட்டும். கேமரா பதிவையும் முழு நாளுக்குக் கேட்க வேண்டும். "மூணு மணிக்கு மேல உள்ளது போதும்" என்றால் கேட்டவர் மனதில் ஒரு ஆள் இருக்கிறார் என்றுதான் பொருள். டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவு தானாக அழிந்துவிடும் என்பதால் இதை அன்றைக்கே கேட்டுவிடுவது நல்லது.

கண்ணால் பார்த்திருந்தால்

ஒருவர் கல்லாவில் இருந்து பணத்தை எடுத்துப் பையில் வைப்பதை இன்னொருவர் நேரில் பார்த்திருந்தால் என்ன செய்வது? அதை மறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அது குறைவு ரிப்போர்ட்டில் வர வேண்டிய விஷயம் இல்லை. தனிக் காகிதத்தில், முதலாளியிடம் மட்டும், பார்த்தவரே எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை மணிக்கு, எங்கே நின்று பார்த்தேன், என்ன பார்த்தேன் என்பது மட்டும் போதும். "திருடினார்" என்று எழுதக் கூடாது. "கல்லாவில் இருந்து ஒரு நோட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார்" என்று எழுதலாம். தன் நோட்டுக்கு அவர் சில்லறை மாற்றியிருக்கவும் கூடும். அதை விசாரிப்பவர் கேட்டுக்கொள்வார்.

அந்தக் காகிதத்தையும் 180 ரூபாய்க் குறைவையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது விசாரிக்கிறவர் வேலை. இரண்டும் ஒரே தாளில் வந்தால் அந்த முடிவை எழுதியவரே எடுத்துவிட்டதாக ஆகும்.

சம்பளத்தில் பிடிப்பது

குறைந்த பணத்தைச் சம்பளத்தில் பிடித்துவிடுவது பல கடைகளில் வழக்கம். யார் என்று தெரியாவிட்டால் அன்றைக்கு இருந்த எல்லோருக்கும் சமமாகப் பங்கு போட்டுப் பிடிப்பதும் உண்டு. சட்டம் இவ்வளவு தாராளமாக இல்லை. முன்பு 1936-ம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் அனுமதித்ததைப் போலவே, 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் கணக்குக் காட்ட வேண்டிய பணம் குறைந்ததற்காகப் பிடித்தம் செய்ய அனுமதிக்கிறது. ஆனால் அந்த இழப்பு அந்தத் தொழிலாளியின் கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும். அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே பிடிக்கலாம். இழப்பைவிட அதிகமாகவும் பிடிக்கக் கூடாது. நாலு பேருக்குப் பங்கு போட்ட பிடித்தம் முதல் நிபந்தனையிலேயே தோற்றுவிடும்.

ரிப்போர்ட்டில் சாடை வரக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். நாளைக்கு ஒருவரை அழைத்து "உங்கள் பக்கம் என்ன?" என்று கேட்கப் போகிறவர், அதற்கு முன்பே ஒரு முடிவோடு எழுதிய தாளைப் படித்துவிட்டு வந்தால், கேட்பது வெறும் சடங்காகிவிடும்.

குறைவைக் கண்டதும் ஆளைத் தேடும் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பிரிட்டன் அஞ்சல் துறையில் நடந்ததைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 1999-இல் அங்கே கிளை அஞ்சலகங்களில் ஃபுஜித்சு நிறுவனத்தின் ஹொரைசன் என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறை வரத் தொடங்கியது. இருக்க வேண்டிய தொகை என்று அது காட்டியதைவிடக் கல்லாவில் பணம் குறைந்தபோதெல்லாம் கிளையை நடத்தியவர்தான் பொறுப்பு என்று அஞ்சல் துறை வைத்துக்கொண்டது. திருட்டு, பொய்க் கணக்கு என்று வழக்கு நடந்து 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். கம்ப்யூட்டர் கணக்கிலேயே பிழைகள் இருந்தன என்று 2019-இல் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024-இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்தது.

அந்தப் பிழைகளில் ஒன்று ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் கிளையில் 2015-இல் தெரியவந்தது. 8,000 பவுண்டு வந்து சேர்ந்ததைப் பதிவு செய்யப் பொத்தானை அழுத்தியபோது திரை நகரவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தியதில், ஒவ்வொரு அழுத்தலும் ஒரு 8,000 ஆகப் பதிவாகி, நான்கு தடவையில் 32,000 ஆனது. இருந்த பணம் 8,000-தான். கணக்கில் 24,000 பவுண்டு குறைவு முளைத்துவிட்டது. யாரும் ஒரு காசைத் தொடவில்லை. நம் கடையின் பில் 417-உம் இதே இனம். இருக்கும் தொகை சரி, இருக்க வேண்டிய தொகைதான் தவறு.

பதிவேடு

மறுநாள் காலை அண்ணாச்சி ரிப்போர்ட்டைப் படித்து, நான்கு பேரிடமும் தனித்தனியாக ஒரே கேள்விகளைக் கேட்டார். 180 ரூபாய்க்கு விடை கிடைக்கவில்லை. பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதைக் குறைவு என்ற தலைப்பிலேயே கணக்கில் எழுதிவிட்டு, ஒரு பதிவேட்டில் தேதி, கல்லா எண், தொகை, அன்றைய வேலை ஏற்பாடு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள்.

இந்தப் பதிவேட்டில் கூடுதலும் வர வேண்டும். பணம் குறைந்தால் வீடே அதிர்கிறது. கூடினால் யாரும் வாய் திறப்பதில்லை. கூடிய பணத்தை ஓரமாக ஒரு டப்பாவில் போட்டு வைத்து, குறையும் நாளில் அதில் இருந்து எடுத்துச் சரிக்கட்டும் கடைகள் இருக்கின்றன. அப்படிச் செய்தால் இரண்டு தவறுமே பதிவாகாது. இன்றைக்கு 200 குறைந்து, அடுத்த வாரம் வாடிக்கையாளர் திரும்பக் கொண்டுவந்து கொடுத்து 200 கூடினால், இரண்டு வரியும் பதிவேட்டில் இருந்தால்தான் முதல் வரிக்கு விடை கிடைக்கும்.

ஒரு நாள் குறைவு ஒரு ஆளையும் காட்டாது. பல மாதப் பதிவேடு சில விஷயங்களைக் காட்டும். வித்தியாசம் எல்லாம் ஒரே கல்லாவில் வருகிறதா, பண்டிகைக் கூட்டத்தில் மட்டும் வருகிறதா, சாப்பாட்டு நேரத்தில் ஆள் மாறும் நாட்களில் வருகிறதா என்று அதில் பார்க்கலாம். ஒரே ஆள் இருக்கும் நாட்களில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அதுவும் தெரியும். அப்போது அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்க முதலாளியிடம் ஆதாரம் இருக்கும், பதில் சொல்ல அந்த ஆளுக்கும் தேதியும் தொகையும் கையில் இருக்கும்.

நம் கடையில் அந்த வாரமே இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒவ்வொருவருக்கும் தனி லாகின். கல்லாவில் ஆள் மாறும்போதெல்லாம் இருவரும் சேர்ந்து எண்ணி, ஒரு சீட்டில் தொகை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து நிமிட வேலை. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கத்தான் செய்வார்கள். ஆனால் அடுத்த தடவை குறைந்தால், அது எந்த இரண்டு எண்ணிக்கைக்கு நடுவில் குறைந்தது என்று ரிப்போர்ட்டில் எழுத முடியும்.